மகனுக்கு 61 மார்க், ரிப்போர்ட்டில் 77 பெர்சன்டைல்: இது எப்படி வந்தது, என்ன அர்த்தம்?

தேவகி_சாட்ஸ்வர்த்

எல்லோருக்கும் வணக்கம். மகன் கிரேடு 10. முதல் டெர்ம் மேத்ஸ் ரிப்போர்ட்டில் 61%, லெவல் 5 என்று இருக்கிறது. பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம், அதில் 77 பெர்சன்டைல். வகுப்பு ஆசிரியையிடம் கேட்டேன். பெயர் எதுவும் இல்லாமல் வகுப்பின் 28 மார்க்கையும் ஒரு தாளில் கொடுத்து, நீங்களே எண்ணிப் பாருங்கள் என்றார். சிறியதிலிருந்து பெரியதாக எழுதியிருக்கிறேன்:

18, 23, 27, 29, 31, 34, 34, 36, 38, 40, 41, 43, 45, 45, 47, 48, 50, 52, 54, 57, 61, 61, 61, 66, 70, 74, 83, 91

எக்செல்லில் PERCENTRANK.INC போட்டால் 0,74 வருகிறது. ரிப்போர்ட்டில் 77. எது சரி? அதைவிட முக்கியம், இந்த 77-ஐ வைத்து நான் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

மாலா_மெரிபேங்க்

77 என்றால் 70-க்கு மேல்தானே அக்கா, அப்போது லெவல் 6 வரணும். லெவல் 5 என்று போட்டது பள்ளியின் தவறு. திருத்தித் தரச் சொல்லுங்கள்.

குமரன்_பீனிக்ஸ்

மாலா அக்கா, லெவல் பார்ப்பது மார்க்கை வைத்து. 60 முதல் 69 வரை லெவல் 5, 70 முதல் 79 வரை லெவல் 6. பையன் வாங்கியது 61, அதனால் லெவல் 5 சரிதான். பெர்சன்டைலுக்கும் லெவலுக்கும் சம்பந்தமே கிடையாது.

தேவகி அக்கா, கணக்கு சுலபம். மொத்தம் 28 பேர். உங்கள் மகனுக்கு மேலே 66, 70, 74, 83, 91 என்று ஐந்து பேர். ஆக அவன் ரேங்க் 6. மொத்தத்திலிருந்து ரேங்கைக் கழித்து மொத்தத்தால் வகுத்தால் போதும். 28-இல் 6 போனால் 22. 22-ஐ 28-ஆல் வகுத்தால் 78.6. அதாவது வகுப்பில் 78.6 சதவீதம் பேர் அவனுக்குக் கீழே. 77 என்று போட்டவர் எங்கேயோ கொஞ்சம் தவறவிட்டிருக்கிறார்.

டொங்காட்_பிள்ளை

குமரன், நீங்கள் 22 பேர் கீழே என்கிறீர்கள். அந்தப் பட்டியலில் 61-க்குக் குறைவானவர்களை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். 18-இல் தொடங்கி 57-இல் முடியும்போது 20 பேர்தான் இருப்பார்கள். மீதி இரண்டு பேர் யார்? அதே 61 வாங்கிய மற்ற இருவர். அவர்களையும் சேர்த்துக் கீழே தள்ளிவிட்டீர்கள். 61 வாங்கிய மூவரும் 6, 7, 8 என்ற மூன்று இடங்களைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். மூவருக்குமே 6 என்று கொடுப்பது பரிசளிப்பு விழாவில் சரி. கழித்தல் கணக்கில் அந்த 6-ஐப் போட்டால் விடை மேலே போய்விடும். சம மார்க் யாருக்கும் இல்லாத பட்டியலில் உங்கள் வழி சரியாக ஓடும், அதனால்தான் இது கண்ணில் படுவதில்லை.

தேவகி அம்மா, பள்ளியின் 77 எப்படி வந்தது என்று சொல்கிறேன். முதலில் 61-க்குக் குறைவாக வாங்கியவர்களை எண்ணுங்கள், 20. பிறகு சரியாக 61 வாங்கியவர்களை எண்ணுங்கள், உங்கள் மகனையும் சேர்த்து 3. இந்த மூன்றில் பாதியை, அதாவது 1.5-ஐ, 20-உடன் கூட்டினால் 21.5. அதை 28-ஆல் வகுத்தால் 0.768. நூறால் பெருக்கி முழு எண்ணாக்கினால் 77. ஆசிரியை தவறு எதுவும் செய்யவில்லை.

பாதியை ஏன் சேர்க்கிறோம்? சமமானவர்களை முழுவதும் விட்டுவிட்டால் 20/28, அதாவது 71.4. முழுவதும் சேர்த்தால் 23/28, அதாவது 82.1. ஒன்று பையனைக் குறைத்துக் காட்டும், மற்றது ஏற்றிக் காட்டும். நடுவில் நிற்பது நியாயம் என்று பல பாடநூல்கள் பாதியை எடுக்கின்றன. ஆனால் மூன்றுமே வழக்கில் உள்ளவை. ஒரே பையன், ஒரே மார்க், ஒரே வகுப்பு, எண் மட்டும் 71, 77, 82 என்று மாறும். எந்த வழியில் எண்ணினார்கள் என்று தெரியாமல் இரண்டு பள்ளிகளின் பெர்சன்டைலைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருளே இல்லை.

குமரனுக்கு: உங்கள் வழியையே வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் ரேங்க் 6-க்குப் பதில் 6, 7, 8-இன் சராசரியான 7-ஐப் போட்டு, கடைசியில் அரை கூட்டுங்கள். 28 − 7 + 0.5 = 21.5. அதே இடத்துக்கு வந்துவிடுவீர்கள்.

ரவி_லெனேஷியா

சார், முழுவதும் சேர்க்கும் வழிதான் சரி என்று நினைக்கிறேன். சென்னையில் என் பெரியப்பா பையன் ஜேஇஇ மெயின் எழுதினான். அங்கே மார்க்கையே பெர்சன்டைலாகத்தான் தருகிறார்கள். தன் மார்க்குக்குச் சமமாகவோ குறைவாகவோ வாங்கியவர்களை எண்ணி, அந்த ஷிப்டில் எழுதியவர்களின் மொத்தத்தால் வகுப்பது. முதலாவதாக வந்தவருக்கு 100. அந்தக் கணக்கில் இந்தப் பையனுக்கு 82. பாதி வழியில் போனால் முதல் மாணவனுக்குக்கூட 100 வராதே?

டொங்காட்_பிள்ளை

வராது. இந்த வகுப்பில் 91 வாங்கியவருக்கு 27.5/28, அதாவது 98.2 கிடைக்கும். கடைசியில் இருக்கும் 18-க்கு 0.5/28, அதாவது 1.8. இரண்டு முனையிலும் ஒரே அளவு இடைவெளி, அது அந்த முறையின் அழகு.

ஜேஇஇ பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் அங்கே ஒரு ஷிப்டில் லட்சம் பேர் அளவில் உட்காருகிறார்கள். பெர்சன்டைலை ஏழு தசம இடம் வரை கொடுக்க முடிவது அந்தக் கூட்டத்தால்தான். சமமானவர்களைச் சேர்த்தாலும் விட்டாலும் அங்கே எண் பெரிதாக அசையாது. இங்கே 28 பேர். ஒரே மார்க்கில் மூன்று பேர் நின்றால், சேர்ப்பதற்கும் விடுவதற்கும் நடுவே 3/28, கிட்டத்தட்ட 11 புள்ளி வித்தியாசம். பெரிய தேர்வுக்காக எழுதிய விதியைச் சின்ன வகுப்புக்குக் கொண்டுவந்தால் இந்த 11 புள்ளியும் பையனுக்குச் சும்மா போய்ச் சேரும்.

ரவி_லெனேஷியா

சேர்ந்தால் சேரட்டுமே சார், எல்லாருக்கும் அதே விதிதானே. ஒரே விதி என்றால் யாருக்கும் நஷ்டமில்லை.

டொங்காட்_பிள்ளை

எல்லாருக்கும் ஒரே அளவு சேராது. 70 வாங்கியவர் தனியாக நிற்கிறார். பாதி வழியில் 24.5/28, அதாவது 87.5. உங்கள் வழியில் 25/28, அதாவது 89.3. அவருக்குக் கிடைப்பது 1.8 புள்ளி. 61-இல் கூட்டமாக நிற்பவர்களுக்குக் கிடைப்பது 5.4. கூட்டத்தில் நிற்பவர்களுக்கு அதிகம், தனியாக நிற்பவர்களுக்குக் குறைவு. நடுவில் மார்க் நெருங்கிக் கிடக்கும் வகுப்பில் இது நன்றாகவே தெரியும்.

ரவி_லெனேஷியா

அப்படிப் பார்த்தால் சரி. இருந்தாலும் முதல் மாணவனிடம் உனக்கு 98 என்று சொன்னால், மேலே இன்னும் இரண்டு சதவீதம் பேர் இருக்கிறார்களா என்றுதான் கேட்பான். நான் என் வழியிலேயே இருக்கிறேன்.

தேவகி_சாட்ஸ்வர்த்

நன்றி சார். 77 புரிந்துவிட்டது. எக்செல்லின் 0,74 எங்கிருந்து வந்தது? இந்தப் பாதிக் கணக்கை எக்செல்லிலேயே போட முடியுமா?

சுந்தரி_மாரிட்ஸ்பர்க்

நான் பதில் சொல்கிறேன் தேவகி. பள்ளியில் இந்தப் பட்டியல்களைப் போட்டுத் தருவது என் வேலை.

PERCENTRANK.INC சமமானவர்களைக் கண்டுகொள்வதே இல்லை. கீழே இருக்கும் 20 பேரை, பையனை விலக்கி மீதியுள்ள 27-ஆல் வகுக்கிறது. 20/27 என்றால் 0,7407. அதிலும் மூன்று இலக்கத்தோடு வெட்டிவிடும், அதனால் 0,74. பக்கத்திலேயே PERCENTRANK.EXC என்று இன்னொன்று இருக்கும். அது 21/29 போட்டு 0,724 தரும். இரண்டுமே கோளாறு இல்லை, வேறு வேறு வரையறை. ஆனால் INC வழியில் வகுப்பில் கடைசி மாணவனுக்கு 0 என்றும் முதல் மாணவனுக்கு 1 என்றும் வரும். ஒரு பிள்ளையின் ரிப்போர்ட்டில் பூஜ்ஜியம் பெர்சன்டைல் என்று அச்சடித்தால் அடுத்த நாள் அந்த வீட்டிலிருந்து யார் வருவார்கள் என்று தெரியும். அதற்காகவே நாங்கள் அதைத் தொடுவதில்லை.

பாதிக் கணக்குக்கு மார்க்குகள் B2 முதல் B29 வரை இருப்பதாக வைத்துக்கொண்டு, முதல் 61 இருக்கும் 22-ஆம் வரிசையில், C22-இல் இதை எழுதுங்கள்:

```
=(COUNTIF($B$2:$B$29;"<"&B22)+COUNTIF($B$2:$B$29;B22)/2)/COUNT($B$2:$B$29)
```

நடுவில் இருப்பவை அரைப்புள்ளிகள். தென்னாப்பிரிக்க அமைப்பில் இருக்கும் கணினியில் தசமத்துக்குக் காற்புள்ளி போய்விடுவதால், ஃபார்முலாவைப் பிரிக்க அரைப்புள்ளி வேண்டும். இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க ஃபார்முலாவை அப்படியே ஒட்டினால் எக்செல் ஏற்காததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். 0,5 என்று எழுதாமல் 2-ஆல் வகுத்திருப்பதும் அதே தொல்லையைத் தவிர்க்கத்தான். டாலர் குறிகளை விட்டுவிடாதீர்கள். விட்டால் ஃபார்முலாவைக் கீழே இழுக்கும்போது பட்டியலும் சேர்ந்து நழுவி, ஒவ்வொரு வரிசையிலும் வேறு வேறு வகுப்போடு ஒப்பிடும்.

தேவகி_சாட்ஸ்வர்த்

போட்டேன் அக்கா. 0,759 வருகிறது. சார் சொன்னது 0,768. ஃபார்முலாவை எழுத்துக்கு எழுத்து பார்த்துவிட்டேன்.

டொங்காட்_பிள்ளை

0,759 என்பது 20.5/27. அதாவது 61-க்குக் கீழே இருக்கும் ஒரு மார்க் கணக்கிலிருந்து விழுந்துவிட்டது. மொத்தம் 27, 61-க்குக் கீழே 19 பேர் என்று ஆகிவிட்டது. ஃபார்முலாவை விடுங்கள், பட்டியலைப் பாருங்கள்.

சுந்தரி_மாரிட்ஸ்பர்க்

ஒரு காலிக் கட்டத்தில் =COUNT(B2:B29) போடுங்கள். 28 வர வேண்டும். 27 வந்தால் ஏதோ ஒரு கட்டம் எண்ணாக இல்லை, எழுத்தாக உட்கார்ந்திருக்கிறது. B பத்தியின் அகலத்தைக் கூட்டிவிட்டுப் பார்த்தால் எண்கள் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும். நீங்களாக நடுவில் நிறுத்தி வைக்காத வரை கண்ணுக்கே தெரியும்.

தேவகி_சாட்ஸ்வர்த்

கிடைத்தது! 47 மட்டும் இடப்பக்கம் நிற்கிறது. தாளில் 47.0 என்று இருந்ததால் அப்படியே புள்ளி வைத்து அடித்திருக்கிறேன். 47 என்று மாற்றியதும் 0,767857.

சுந்தரி_மாரிட்ஸ்பர்க்

அதேதான். இங்கே புள்ளி வைத்தால் எக்செல் அதை எண்ணாக எடுக்காது, தவறு என்றும் சொல்லாது. சத்தமில்லாமல் ஒரு பிள்ளை வகுப்பிலிருந்து காணாமல் போய்விடும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. பரீட்சைக்கு வராதவர்களுக்குச் சிலர் 0 போடுவார்கள். இந்த வகுப்பில் இன்னும் இருவர் வரவில்லை, அவர்களுக்கு 0 போட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே 22, மொத்தம் 30, விடை 78.3. பையன் ஒன்றும் செய்யாமலே ஒன்றரைப் புள்ளி ஏறிவிட்டான். வராதவர்கள் எதிரே abs என்று எழுதுங்கள், அல்லது காலியாக விடுங்கள். COUNT இரண்டையும் தொடாது. வந்து உட்கார்ந்து உண்மையாகவே பூஜ்ஜியம் வாங்கியவரை மட்டும் 0 என்று வையுங்கள்.

குமரன்_பீனிக்ஸ்

சரி, 77-ஐ ஒத்துக்கொள்கிறேன். அர்த்தத்துக்கு வருவோம். வகுப்பில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேரைவிட மேலே. அதாவது பாடத்தில் முக்கால்வாசி தெரியும் என்று எடுத்துக்கொள்ளலாமே.

டொங்காட்_பிள்ளை

முதல் வாக்கியம் சரி. இரண்டாவதை எடுத்துக்கொள்ள முடியாது. பாடத்தில் எவ்வளவு தெரியும் என்று சொல்ல இருப்பது அந்த 61 மட்டும், அதுவும் அந்த வினாத்தாள் பாடத்தை ஒழுங்காகத் தொட்டிருந்தால். 77 சொல்வது, அந்த அறையில், அந்தத் தாளில், மற்றவர்களுக்கு நடுவே அவன் நின்ற இடம். இந்த வகுப்பின் நடு மார்க் 45-க்கும் 47-க்கும் நடுவே, 46. வகுப்பே கீழே கிடக்கும்போது 61 உயரமாகத் தெரிகிறது. நடு மார்க் 65-ஆக இருக்கும் வகுப்பில் இதே 61 பாதிக்குக் கீழே போய்விடும்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். 28 பேர் உள்ள வகுப்பில் ஒரு ஆள் என்பது 3.6 புள்ளி. அதற்குக் குறைவான நுணுக்கம் இந்த எண்ணில் கிடையாது. 77-க்கும் 78-க்கும் வித்தியாசம் பார்ப்பது வீண். இந்தப் பையனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மார்க் குறைந்து 60 ஆகியிருந்தால் 20.5/28, அதாவது 73.2. ஒரு மார்க் கூடி 62 ஆகியிருந்தால், மற்ற இரண்டு 61-களும் கீழே போய்விடும், 22.5/28, அதாவது 80.4. திருத்துபவர் ஒரு வழிமுறை மார்க்கைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று பேனாவைத் தூக்கி நிறுத்திய அந்த ஒரு கணத்தில் 73-க்கும் 80-க்கும் நடுவே எங்கு வேண்டுமானாலும் போயிருப்பான். அதற்குப் பிறகு 62-இலிருந்து 65 வரை எந்த மார்க் வாங்கியிருந்தாலும் அதே 80.4-தான், வழியில் ஆளே இல்லை.

மார்க் இடைவெளியும் பெர்சன்டைல் இடைவெளியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததற்கு இதுதான் காரணம். நடுவில் 45-இலிருந்து 48-க்கு மூன்று மார்க் ஏறினால் 46.4-இலிருந்து 55.4, ஒன்பது புள்ளி. உச்சியில் 83-க்கும் 91-க்கும் நடுவே எட்டு மார்க், ஆனால் 94.6-இலிருந்து 98.2 வரை, வெறும் மூன்றரைப் புள்ளி. 91 வாங்கியவர் எவ்வளவு தூரம் முன்னால் இருக்கிறார் என்பதைப் பெர்சன்டைல் மறைத்துவிடும். நடுவில் இருப்பவர்களின் சின்ன வித்தியாசத்தை ஊதிக் காட்டும்.

மாலா_மெரிபேங்க்

எனக்கும் ஒரு கேள்வி. லெவல் பற்றி நான் கேட்டதை விடுங்கள். என் மகள் கிரேடு 9. முதல் டெர்மில் 64, பெர்சன்டைல் 70. இரண்டாம் டெர்மில் 71, பெர்சன்டைல் 55. மார்க் ஏறியிருக்கிறது, மற்றது இறங்கியிருக்கிறது. பின்தங்கிவிட்டாளா? டியூஷன் வைக்க வேண்டுமா?

குமரன்_பீனிக்ஸ்

தாள் சுலபமாக இருந்திருக்கும் அக்கா, எல்லாருக்குமே ஏறியிருக்கும். கவலைப்பட ஒன்றுமில்லை.

டொங்காட்_பிள்ளை

மாலா அம்மா, ரிப்போர்ட்டில் வகுப்பின் நடு மார்க்கோ சராசரியோ போட்டிருக்கிறார்களா?

மாலா_மெரிபேங்க்

நடு மார்க் என்று இருக்கிறது சார். முதல் டெர்ம் 52, இரண்டாவது 69.

டொங்காட்_பிள்ளை

அப்படியானால் வகுப்பின் நடு 17 மார்க் ஏறியிருக்கிறது, உங்கள் மகள் 7 ஏறியிருக்கிறாள். முதலில் நடுவைவிட 12 மார்க் மேலே இருந்தவள் இப்போது 2 மார்க் மேலே. குமரன் சொன்னதுபோல் தாள் சுலபமாக இருந்திருக்கலாம். சுலபமான தாளில் எல்லாரும் ஒரு பக்கம் கூடிவிடுவார்கள். 65-க்கும் 75-க்கும் நடுவே பாதி வகுப்பு நின்றால் இரண்டு மார்க்கிலேயே பத்துப் பதினைந்து புள்ளி போய்விடும். அப்படி என்றால் 70-இலிருந்து 55 என்பது பெரிய சரிவு இல்லை.

ஆனால் கவலைப்பட ஒன்றுமில்லை என்று முடித்துவிடவும் முடியாது. தாள் சுலபமாகி 90 வாங்குபவர் ஏற முடியாமல் போனால் அதற்குக் காரணம், மேலே அவருக்கு இடமில்லை. 64-இல் இருந்தவளுக்கு இடம் இருந்தது. மற்றவர்கள் எடுத்த மார்க்கை அவள் எங்கே விட்டாள் என்பது பெர்சன்டைலில் தெரியாது. தாளை வாங்கி, வகுப்பில் பெரும்பாலானவர்கள் சரியாகச் செய்த கேள்விகளில் இவள் எதை விட்டாள் என்று பாருங்கள். விட்டதெல்லாம் ஒரே பகுதியில், இயற்கணிதத்திலோ வடிவியலிலோ, குவிந்திருந்தால் அது ஒரு செய்தி. அங்கொன்று இங்கொன்று என்றால் டியூஷனுக்குப் பணம் கட்டும் முன் அடுத்த டெர்மையும் பார்க்கலாம்.

சுந்தரி_மாரிட்ஸ்பர்க்

டெர்முக்கு டெர்ம் ஒப்பிடும்போது வகுப்பிலேயே ஆள் மாறிவிடுகிறார்கள், அதையும் பார்க்க வேண்டும். கிரேடு 10-இல் இது கட்டாயம் நடக்கும். முதல் டெர்ம் முடிந்ததும் மேத்ஸில் திணறும் பிள்ளைகள் மேத்தமேட்டிகல் லிட்டரசிக்கு மாறுவார்கள். தேவகியின் பட்டியலில் அடியில் இருக்கும் ஐவர், 18, 23, 27, 29, 31, மாறிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது வகுப்பில் 23 பேர், 61-க்குக் கீழே 15 பேர். 16.5/23, அதாவது 71.7. தாளில் ஒரு எழுத்தும் மாறவில்லை, பையனின் பெர்சன்டைல் 77-இலிருந்து 72-க்கு இறங்கிவிட்டது. இரண்டாம் டெர்ம் ரிப்போர்ட்டில் 72 என்று பார்த்து, பையன் படிப்பில் இறங்கிவிட்டான் என்று வீட்டில் சத்தம் போடுவது எவ்வளவு அநியாயம்.

தேவகி, அடுத்த ரிப்போர்ட் வந்ததும் முதலில் வகுப்பில் எத்தனை பேர் என்று கேளுங்கள். 28 என்றால் ஒப்பிடலாம். 23 என்றால், முதல் டெர்ம் பட்டியலில் போனவர்களை எடுத்துவிட்டுப் பழைய எண்ணை மறுபடி கணக்கிட்டு, அதோடு ஒப்பிடுங்கள்.

ரவி_லெனேஷியா

இவ்வளவு குழப்பம் என்றால் வகுப்புப் பெர்சன்டைலை ரிப்போர்ட்டில் போடாமலே இருக்கலாமே. மார்க்கும் நடு மார்க்கும் போதும். பெற்றோருக்கு அதுவே புரியும்.

சுந்தரி_மாரிட்ஸ்பர்க்

நானும் பள்ளியில் அதைத்தான் சொல்லிப் பார்த்தேன். பெற்றோர் கூட்டத்தில் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி, எத்தனையாவது வந்தான் என்று. ரேங்க் வேண்டாம் என்று நிறுத்தினால் பெர்சன்டைலாவது கொடுங்கள் என்கிறார்கள்.

டொங்காட்_பிள்ளை

எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. 28 பேரில் 6 என்பதும் 280 பேரில் 6 என்பதும் ஒன்றல்ல. ரேங்க் வகுப்பின் அளவைச் சொல்வதில்லை, பெர்சன்டைல் அதைச் சரிக்கட்டுகிறது. போடட்டும். ஆனால் பக்கத்திலேயே எத்தனை பேர் எழுதினார்கள், சமமானவர்களை எப்படி எண்ணினோம் என்று ஒரு வரி சேர்த்துப் போட வேண்டும். அந்த ஒரு வரி இல்லாததால்தான் தேவகி அம்மா எக்செல்லோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

தேவகி_சாட்ஸ்வர்த்

கடைசியாக ஒன்று. கிரேடு 10-இல் மேத்ஸ் எடுத்தவர்கள் மூன்று வகுப்பு. மூன்று வகுப்புக்கும் ஒரே தாள். ஆசிரியையிடம் மறுபடி கேட்டேன். அடுத்த வகுப்பில் 31 பேர், அங்கே 61-க்குக் கீழே 14, சரியாக 61 ஒருவர். மூன்றாவது வகுப்பில் 30 பேர், 61-க்குக் கீழே 22, சரியாக 61 இருவர். மொத்த கிரேடில் மகன் எங்கே இருக்கிறான் என்று எப்படிப் போடுவது? மூன்று பெர்சன்டைலைக் கூட்டி மூன்றால் வகுக்கலாமா?

சுந்தரி_மாரிட்ஸ்பர்க்

வகுப்புகளின் அளவு வேறு வேறு என்பதால் அப்படி வேண்டாம். ஆட்களைக் கூட்டுங்கள். கீழே 20 + 14 + 22 = 56. சமமானவர்கள் 3 + 1 + 2 = 6, அதில் பாதி 3. மொத்தம் 28 + 31 + 30 = 89. 59/89, அதாவது 66.3. தன் வகுப்பில் 77, கிரேடில் 66.

அந்த 31 பேர் வகுப்பைக் கவனித்தீர்களா? அங்கே 61 வாங்கிய அந்தப் பிள்ளைக்கு 14.5/31, 46.8-தான். உங்கள் மகன் வாங்கிய அதே மார்க், அங்கே பாதிக்குக் கீழே. அந்தப் பிள்ளையின் வீட்டில் 47 என்று பார்த்து என்ன நினைத்திருப்பார்களோ.

குமரன்_பீனிக்ஸ்

அப்படியென்றால் அந்த வகுப்பில் நல்ல பிள்ளைகளை எல்லாம் பொறுக்கிப் போட்டிருக்கிறார்கள்.

டொங்காட்_பிள்ளை

இருக்கலாம். அந்த வகுப்பை வேறு ஆசிரியர் திருத்தி, கை தாராளமாக இருந்திருந்தாலும் இதே எண்தான் வரும். தாள் ஒன்று என்றாலும் திருத்திய கை ஒன்றா என்று கேட்க வேண்டும். தேவகி அம்மா, மூன்று வகுப்பிலிருந்தும் சில தாள்களை எடுத்து ஒருவரே மறுபடி திருத்திப் பார்த்தார்களா என்று ஆசிரியையிடம் கேளுங்கள். பார்த்திருந்தால் 66-ஐ நம்பலாம். பார்க்கவில்லை என்றால், ஒரே கை திருத்தியிருக்கும் உங்கள் மகனின் வகுப்புக்குள் வந்த 77-தான், அதன் எல்லா ஆட்டத்தோடும், மிஞ்சும்.

தேவகி_சாட்ஸ்வர்த்

திங்கள்கிழமை கேட்கிறேன் சார். இங்கேயே எழுதுகிறேன்.